சிக்னல் நிறைய, வேகம் இல்லை: மலை முகட்டின் இரு சரிவிலும் வைஃபை முட்டிக்கொள்வது ஏன்?

ஏற்காட்டுச் சரிவுகளில் வைஃபை போட்டவர்களிடமிருந்து வரும் புகார் பெரும்பாலும் ஒன்றுதான். "சிக்னல் ஃபுல்லா காட்டுது, கேமரா மட்டும் நிக்குது." வேலைக்கு வருபவர் முதலில் சேனலை மாற்றுவார். சரியாகாவிட்டால் பவரை ஏற்றுவார், அதுவும் உதவாதபோது பெரிய ஆண்டெனா வாங்கச் சொல்வார். இம்மூன்றுமே பலன் தராத ஒரு கோளாறு உண்டு. ஒருவர் குரல் மற்றவருக்கு எட்டாத இரண்டு கருவிகள் ஒரே நேரத்தில் பேசி முட்டிக்கொள்ளும் இதற்கு மறைமுனையச் சிக்கல் என்று பெயர். மலைப்பகுதியில் இது அபூர்வமான நோய் அல்ல. நிலத்தின் அமைப்பே இதை உண்டாக்கிவிடும்.

ஒரு காப்பித் தோட்டத்தை எடுத்துக்கொள்வோம். முகட்டின் மேல் பங்களா, அதன் பக்கத்தில் 9 மீட்டர் கம்பம், கம்பத்தின் உச்சியில் எல்லாத் திசையும் பார்க்கும் ஆண்டெனாவுடன் ஓர் அக்சஸ் பாயிண்ட். கிழக்குச் சரிவில் 350 மீட்டர் தள்ளி காப்பி உலர்த்தும் களம். மேற்குச் சரிவில் அதே தூரத்தில் மிளகு வைக்கும் ஸ்டோர். இரண்டும் முகட்டைவிட 40 மீட்டர் தாழ்வில் இருக்கின்றன. களத்தில் ஒரு கேமரா, ஸ்டோரில் ஒரு கேமரா. ஒவ்வொன்றும் விநாடிக்கு 4 மெகாபிட் அனுப்புகிறது. இரண்டு இடத்திலும் 8 டிபிஐ பேனல் ஆண்டெனா பங்களாவை நோக்கி மாட்டப்பட்டிருக்கிறது. கம்பத்தில் வந்து சேரும் சிக்னல் களத்திலிருந்து -62 டிபிஎம், ஸ்டோரிலிருந்து -64. இந்த எண் பூஜ்யத்தை நெருங்க நெருங்க சிக்னல் வலுவானது; இரண்டுமே நல்ல அளவு. ஒன்றை அணைத்தால் மற்றது கண்ணாடி போல ஓடுகிறது. இரண்டையும் போட்டால் இரண்டும் தடுமாறுகின்றன.

இது ஏன் என்று பார்க்க, கேமரா நெட்வொர்க்கில் சேரும் முறையிலிருந்து தொடங்க வேண்டும். அக்சஸ் பாயிண்ட் 102.4 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை 'நான் இங்கே இருக்கிறேன்' என்று ஓர் அறிவிப்பை ஒலிபரப்பும். பீக்கன் என்பது அதுதான். கேமரா அதைக் கேட்கும், அல்லது தானே ஒவ்வொரு சேனலாகப் போய் யார் இருக்கிறார்கள் என்று விசாரிக்கும். பிறகு அங்கீகாரம் கேட்டுப் பதில் வாங்கும். அடுத்து, வலையில் சேர்த்துக்கொள்ளச் சொல்லும் அசோசியேஷன் கோரிக்கை. அதற்கு வரும் பதிலில் 1 முதல் 2007 வரை ஏதாவது ஓர் எண் அதற்கு ஒதுக்கப்படும். கடைசியாக, கடவுச்சொல்லை நேரடியாக அனுப்பாமலேயே சரிபார்க்கும் நான்கு கட்டப் பரிமாற்றம். இவ்வளவும் முடிந்தால் 'கனெக்டட்' என்று வரும்.

இத்தனை கட்டத்திலும் பேசிக்கொண்டவர்கள் இரண்டே பேர்: கேமராவும் கம்பமும். கேமரா சொல்வது கம்பத்துக்குக் கேட்கிறது, கம்பம் சொல்வது கேமராவுக்குக் கேட்கிறது என்பதைத் தவிர அசோசியேஷன் வேறு எதையும் நிரூபிப்பதில்லை. களத்துக் கேமராவுக்கு ஸ்டோர் கேமராவின் குரல் எட்டுமா என்பதை எந்தக் கட்டத்திலும் யாரும் சோதிப்பதில்லை. திரையில் தெரியும் சிக்னல் கோடுகளும் கம்பத்தின் குரலை மட்டுமே அளக்கின்றன. கோளாறு இருப்பதோ யாரும் அளக்காத அந்த மூன்றாவது பாதையில்.

அந்தப் பாதையைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். களத்துக்கும் ஸ்டோருக்கும் நேர்த் தூரம் 700 மீட்டர். வெறும் வெட்டவெளியாக இருந்தால் 2.4 கிகாஹெர்ட்ஸில் 97 டெசிபல் இழப்பு. 20 டிபிஎம் பவரும் இரு பக்கமும் 8 டிபிஐ ஆண்டெனாவும் சேர்ந்தால் -61 வந்திருக்கும், தெளிவாகக் கேட்டிருக்கும். ஆனால் நடுவில் முகடு. இரண்டையும் இணைக்கும் கோட்டுக்கு மேலே 40 மீட்டர் உயரத்தில் கத்திமுனை போல அது நிற்கிறது. அதை வளைந்து தாண்டும் அலை இன்னும் 35 டெசிபல் இழக்கும். மிஞ்சுவது -96. சாதாரண ரேடியோவின் இரைச்சல் மட்டமே -95 பக்கம்தான். அதாவது ஒருவருக்கு மற்றவர் இல்லவே இல்லை. இருவருக்கும் கம்பம் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது, ஒருவருக்கொருவர் கூப்பிடு தூரத்தில் இல்லை.

பனிமூட்டத்தின் மேல் பழி போடுவது வழக்கம். மூடுபனியால் 2.4 கிகாஹெர்ட்ஸில் இந்தத் தூரத்துக்குக் கணக்கில் எடுக்கும் அளவு இழப்பு வராது. நனைந்த சில்வர் ஓக் இலைகள் பாதையில் நின்றால் இழப்பு உண்டு, ஆனால் அது கம்பத்து சிக்னலிலேயே தெரிந்துவிடும். நம் கேமராக்களின் சிக்னல் குறையவில்லை என்பதை மறக்கக் கூடாது.

வைஃபையில் யார் எப்போது பேசலாம் என்று முடிவு செய்ய நடுவர் கிடையாது. பேச விரும்புபவர் முதலில் காதைத் தீட்டிக் கேட்க வேண்டும். காற்று 28 மைக்ரோசெகண்ட் அமைதியாக இருந்தால், 0 முதல் 15 வரை ஏதாவது ஓர் எண்ணைக் குருட்டாம்போக்கில் எடுத்து, ஓர் எண்ணுக்கு 9 மைக்ரோசெகண்ட் வீதம் இறங்குமுகமாக எண்ண வேண்டும். நடுவில் வேறு யாராவது பேசினால் எண்ணுவதை நிறுத்திக் காத்திருக்க வேண்டும். பூஜ்யம் வந்ததும் அனுப்பலாம். வந்து சேர்ந்தால் மறுமுனை உடனே ஒரு சிறிய ஒப்புகை அனுப்பும். ஒப்புகை வரவில்லையென்றால் முட்டிவிட்டது என்று பொருள். எண்ணும் வரம்பை 31, 63, 127 என்று இரட்டித்துக்கொண்டே மறுபடி முயல வேண்டும்.

இந்த ஒழுங்கு முழுவதும் ஓர் அனுமானத்தில் நிற்கிறது: என் காதில் அமைதி என்றால், கேட்பவர் காதிலும் அமைதி. பேசுபவர் கேட்டுப் பார்ப்பது களத்தில், மோதல் நடப்பதோ முகட்டுக் கம்பத்தில். இரண்டு இடமும் ஒன்றல்ல. ஸ்டோர் கேமரா பாதி பாக்கெட்டை அனுப்பிக்கொண்டிருக்கும்போது களத்துக் கேமரா கேட்டால் அமைதிதான் கேட்கும். விதியை ஓர் அட்சரம் பிசகாமல் பின்பற்றித்தான் அது குறுக்கே பேசுகிறது.

இரட்டித்துக் காத்திருக்கும் முறை இதைச் சரிசெய்யாதா என்று கேட்கலாம். 1500 பைட் பாக்கெட் ஒன்று, தலைப்புப் பகுதியும் சேர்த்து, 54 எம்பிபிஎஸ் வேகத்தில் காற்றில் இருக்கும் நேரம் சுமார் 248 மைக்ரோசெகண்ட். முதல் முயற்சியில் காத்திருப்பு அதிகபட்சம் 15 தடவை 9, அதாவது 135 மைக்ரோசெகண்ட். ஒருவரையொருவர் கேட்பவர்களுக்கு ஒரே ஓர் எண் வித்தியாசம் போதும். முந்தியவர் பேசத் தொடங்கியதும் பிந்தியவர் நின்றுவிடுவார். கேட்காதவர்களுக்கு அப்படியில்லை. அவர்கள் தொடங்கும் நேரங்கள் ஒரு முழு பாக்கெட் அளவுக்கு விலகியிருந்தால்தான் தப்பிக்க முடியும். 248 மைக்ரோசெகண்ட் விலகல் 135க்குள் அடங்காது. ஆகவே இருவரும் ஒருமுறை முட்டிக்கொண்டு, சேர்ந்தே மறுமுயற்சிக்குக் கிளம்பினால், மறுபடி முட்டிக்கொள்வதற்கே வாய்ப்பு அதிகம்.

இன்னும் மோசமான பகுதி இனிமேல்தான். ஒவ்வொரு கேமராவும் விநாடிக்குச் சுமார் 333 பாக்கெட் அனுப்புகிறது. அவை சீராகப் பரவி வருவதாகவே வைத்துக்கொண்டாலும், 54 எம்பிபிஎஸ் வேகத்தில் 100க்கு 15 பாக்கெட் மறுபக்கத்தோடு முட்டும். ரேடியோவில் வேகத்தைத் தேர்ந்தெடுக்கும் மென்பொருளுக்கு மோதல் என்று ஒன்று நடப்பது தெரியாது. ஒப்புகை வரவில்லை, ஆகவே சிக்னல் பலவீனம் என்று முடிவெடுத்து வேகத்தை 24க்கு இறக்கும். அதே பாக்கெட் இப்போது 536 மைக்ரோசெகண்ட் நீளமாகிறது, முட்டுவது 100க்கு 30 ஆகிறது. மறுபடி வேகம் இறங்குகிறது. 6 எம்பிபிஎஸுக்கு வந்தால் ஒரு பாக்கெட் 2,070 மைக்ரோசெகண்ட். 333 பாக்கெட்டுக்கு விநாடியில் 69 சதவீதம் போய்விடும். இரண்டு கேமராவுக்கும் சேர்த்து 138 சதவீதம். ஒரு விநாடியில் அவ்வளவு இடம் இல்லை. தொடக்கத்தில் காற்றின் கால்பங்கைக்கூட முழுதாக நிரப்பாத சுமை, வேகம் இறங்கிய ஒரே காரணத்தால் கொள்ளாமல் வழிகிறது. படம் உறைவது இந்த இடத்தில்தான்.

புதிய தர ரேடியோக்கள் பல பாக்கெட்டுகளைக் கோத்து ஒரே மூச்சில் அனுப்பும். அந்த மூச்சு 5.4 மில்லிசெகண்ட் வரை நீளலாம். நல்ல சூழலில் அது பெரிய லாபம். மறைமுனையம் இருக்கும் இடத்தில் அது முட்டுவதற்கான பரப்பை நீட்டிக் கொடுக்கிறது.

இரண்டு கேமராவும் சமமாகத் தடுமாற வேண்டும் என்றும் இல்லை. ஒன்றின் சிக்னல் மற்றதைவிட கம்பத்தில் பத்துப் பன்னிரண்டு டெசிபல் வலுவாக விழுந்தால், மோதலிலும் வலுத்ததை கம்பம் படித்துவிடக்கூடும். அப்போது ஒரு கேமரா நன்றாகவே ஓடும், மற்றது மட்டும் பட்டினி கிடக்கும். அந்தக் கேமரா பழுது என்று நினைத்து மாற்றிவிடுவார்கள். புதியதும் அப்படியேதான் இருக்கும்.

இனி சேனல் விஷயம். 2.4 கிகாஹெர்ட்ஸில் 1ஆம் சேனலின் மையம் 2412 மெகாஹெர்ட்ஸ், அடுத்தடுத்த சேனலுக்கு 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி. ஆனால் ஒரு பரிமாற்றம் அடைத்துக்கொள்ளும் அகலம் 20. ஆகவே 1, 6, 11 ஆகியவைதான் ஒன்றையொன்று தொடாமல் நிற்கும். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளும் வீடுகளும் சுவரோடு சுவராக இருக்கும் தெருக்களில், ஒரு ரவுட்டர் 1இலும் அடுத்தது 3இலும் இருந்தால் என்ன ஆகும்? 'நடுவில் காலியாக இருந்தது, அதனால் 3 போட்டோம்' என்பது நியாயமாகத்தான் தோன்றும்.

ஒரே சேனலில் இருப்பவர் பேசத் தொடங்கினால், அந்த பாக்கெட்டின் முகப்பை அடையாளம் கண்டு -82 டிபிஎம் அளவு மெல்லிய குரலுக்கும் நம் ரேடியோ வழிவிடும். அரைகுறையாக மேற்படியும் சேனலில் அந்த முகப்பைப் படிக்க முடியாது. அது வெறும் இரைச்சலாகவே விழும். வெறும் இரைச்சலுக்கு ரேடியோ வழிவிட வேண்டுமானால் அது -62 அளவுக்கு உரக்க இருக்க வேண்டும். 20 டெசிபல் வித்தியாசம் என்பது வெட்டவெளியில் பத்து மடங்கு தூரத்துக்குச் சமம். 100 மீட்டரில் இருப்பவருக்கு வழிவிட்ட ரேடியோ, இப்போது 10 மீட்டருக்குள் வந்தால்தான் வழிவிடும். இடைப்பட்டவர்கள் எல்லாரும் நம் பேச்சைக் கெடுப்பார்கள், ஆனால் நம் காதில் ஆளாகவே பதிய மாட்டார்கள். மலை இல்லாத சமதளத் தெருவில் மறைமுனையத்தைச் செயற்கையாக உண்டாக்குவதற்கு ஒப்பானது 3ஆம் சேனல். கூட்டமாக இருந்தாலும் 1, 6, 11இல் ஒன்றில் சேர்ந்து நின்று முறை வைத்துப் பேசுவதே நல்லது என்று சொல்வதற்குக் காரணம் இதுதான்.

தோட்டத்துக்கு இந்த மருந்து ஏன் பலிக்கவில்லை என்பதும் இப்போது விளங்கும். களமும் ஸ்டோரும் ஒரே கம்பத்தோடு அசோசியேட் ஆனவை. கம்பம் எந்தச் சேனலுக்குப் போனாலும் இரண்டும் கூடவே வந்துவிடும். முட்டிக்கொள்பவர்கள் அயலார் அல்லர், ஒரே வீட்டார்.

சிக்கலுக்கும் வயது உண்டு. 1971இல் ஹவாய்த் தீவுகளில் ஓடத் தொடங்கிய அலோஹா ரேடியோ வலையில் முனையங்கள் காற்றைக் கேட்காமலே அனுப்பின. கேட்டுவிட்டு அனுப்பினால் எவ்வளவு லாபம் என்று ஆராய்ந்தவர்கள் கிளைன்ராக், டோபாகி இருவரும். 1975இல் அவர்களே இந்தச் சிக்கலுக்கு இப்பெயர் வைத்து, ஒருவரையொருவர் கேட்க முடியாத முனையங்கள் கூடக்கூட அந்த லாபம் எப்படிக் கரைகிறது என்று கணக்கிட்டுக் காட்டினார்கள். 1990இல் அமெச்சூர் ரேடியோக்காரரான பில் கார்ன், அனுப்புவதற்கு முன் அனுமதி கேட்டு வாங்கும் முறையை முன்வைத்தார். அதன் வாரிசு 1997இல் வந்த முதல் வைஃபை தரநிலையிலேயே இடம்பெற்றது. உங்கள் ரேடியோவிலும் அது இருக்கிறது, ஆனால் வழக்கமாக அணைத்து வைக்கப்பட்டிருக்கும்.

அதற்கு முன், நோய் இதுதானா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். பங்களாவில் கேபிள் வழி இணைத்த ஒரு கணினியில், வலையின் வேகத்தையும் இழப்பையும் அளக்கும் iperf3 நிரல் `iperf3 -s` என்று சர்வராக ஓடட்டும். களத்தில் ஒரு லேப்டாப், ஸ்டோரில் ஒரு லேப்டாப், இரண்டும் அந்தந்த இடத்து ரேடியோ வழியாக.

```
iperf3 -c 192.168.1.10 -p 5201 -u -b 8M -t 30
iperf3 -c 192.168.1.10 -p 5201 -u -b 8M -t 30 -R
```

ஒரு சர்வர் ஒரு நேரத்தில் ஒரு சோதனையைத்தான் ஏற்கும். இரண்டாவது லேப்டாப்புக்கு 5202 எண்ணில் இன்னொரு சர்வரை ஓடவிட வேண்டும். முதலில் தனித்தனியாக, பிறகு இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில். முதல் வரி மேலே அனுப்புவது, `-R` போட்டது கீழே இறக்குவது. தனித்தனியாக இரண்டு திசையும் சரி, சேர்ந்து இறக்கும்போதும் சரி, சேர்ந்து அனுப்பும்போது மட்டும் இழப்பு எகிறுகிறது என்றால் சந்தேகம் உறுதிப்படுகிறது. இறக்கும்போது பேசுவது கம்பம் மட்டுமே, அதை எல்லாரும் கேட்கிறார்கள். சிக்னலே பலவீனமாக இருந்தால் தனியாக ஓட்டும்போதே இழப்பு தெரிந்திருக்கும். கூடவே களத்து ரேடியோவில் `iw dev wlan0 station dump` பார்த்தால், `signal` குறையாமல் நிற்கும், `tx retries` மட்டும் ஓடும், `tx bitrate` இறங்கியிருக்கும்.

இன்னும் நேரடியான சாட்சியும் எடுக்கலாம். களத்தில், காதில் விழும் எல்லாருடைய பேச்சையும் பதிவு செய்யும் மானிட்டர் முறையில் ஒரு ரேடியோவை அதே சேனலில் வைத்து, ஸ்டோர் ரேடியோவின் முகவரியைத் தேட வேண்டும்.

```
iw phy phy0 interface add mon0 type monitor
ip link set mon0 up
iw dev mon0 set channel 6
tcpdump -i mon0 -e -n 'wlan addr2 02:00:00:00:00:0b'
tcpdump -i mon0 -e -n 'wlan addr1 02:00:00:00:00:0b'
```

நான்காவது வரி ஸ்டோர் அனுப்பியதைத் தேடும், ஐந்தாவது வரி ஸ்டோருக்கு வந்ததைத் தேடும். முன்னதில் ஒன்றுமே இல்லாமல், பின்னதில் கம்பம் அனுப்பும் ஒப்புகைகள் சரம்சரமாக வந்தால் வேறு நிரூபணம் தேவையில்லை. பதில் கேட்கிறது, கேள்வி கேட்கவில்லை.

மருந்தும் அந்தச் சாட்சியிலேயே இருக்கிறது. களத்துக்கு ஸ்டோரின் குரல் எட்டாது, ஆனால் கம்பத்தின் குரல் எட்டும். எட்டாவிட்டால் அசோசியேட் ஆகியே இருக்காது. ஆகவே ஸ்டோர் பேசப்போகும் செய்தியைக் கம்பமே அறிவித்துவிட்டால் போதும். ஸ்டோர் ரேடியோ முதலில் 20 பைட்டில் ஓர் அனுமதி கேட்கும், ஆர்டிஎஸ் என்பது அது. கம்பம் 14 பைட்டில் அனுமதி தரும், அது சிடிஎஸ். அந்த அனுமதியில் 'இன்னும் இத்தனை மைக்ரோசெகண்டுக்கு இவருடைய முறை' என்று எழுதியிருக்கும். களத்துக் கேமராவுக்கு அது கேட்கும், அவ்வளவு நேரமும் வாய் மூடியிருக்கும்.

அனுமதிக் கோரிக்கையும் முட்டலாம். ஆனால் அது 52 மைக்ரோசெகண்ட்தான். 135 மைக்ரோசெகண்ட் காத்திருப்பு வரம்புக்குள் இரண்டு 52கள் விலகி நிற்க இடமுண்டு, முட்டினாலும் இழப்பது சிறிது. விலை என்ன என்று பார்த்தால், அனுமதியும் நடுவில் வரும் இரண்டு 10 மைக்ரோசெகண்ட் இடைவெளியும் சேர்ந்து ஒரு தடவைக்கு 116 மைக்ரோசெகண்ட். 54 எம்பிபிஎஸில் ஒற்றைப் பாக்கெட்டுக்கு அது கிட்டத்தட்ட பாதிச் சுமை. கோத்து அனுப்பும் ரேடியோவில் கோவைக்கு ஒரு தடவைதான், பொருட்டே இல்லை. 11பி என்ற பழைய வைஃபை தரத்தின் வேகங்களைத் திறந்து வைத்தால் கதை மாறும். 1 எம்பிபிஎஸில் ஆர்டிஎஸ் மட்டுமே 352 மைக்ரோசெகண்ட் பிடிக்கும். அவற்றை முதலில் மூடிவிட வேண்டும்.

எந்த அளவுக்கு மேற்பட்ட பாக்கெட்டுக்கு அனுமதி கேட்க வேண்டும் என்பதே அமைப்பு. வழக்கமாக 2347 என்று இருக்கும். நம் பாக்கெட் எதுவும் தனியாக அவ்வளவு பெரிதாக இருக்காது, ஆகவே கேட்கவே கேட்காது. 500 என்று வைக்கலாம். ஓபன்டபிள்யூஆர்டி என்ற திறந்த மென்பொருள் ஓடும் ரேடியோவில்:

```
uci set wireless.radio0.rts='500'
uci commit wireless
wifi reload
```

இதைச் செய்ய வேண்டிய இடம்தான் அடிக்கடி தவறுகிறது. கம்பத்து அக்சஸ் பாயிண்டில் மாற்றினால், கம்பம் அனுப்பும்போது அனுமதி கேட்கும். கம்பத்தின் பேச்சை எல்லாரும் ஏற்கெனவே கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். மாற்ற வேண்டியது களத்து ரேடியோவிலும் ஸ்டோர் ரேடியோவிலும், இரண்டிலுமே. ஒன்றில் விட்டால் அது அனுமதியின்றிப் பேசத் தொடங்கும்போதெல்லாம் பழைய கதைதான்.

பெரிய ஆண்டெனா இங்கே ஏன் உதவாது என்றால், கம்பத்தை நோக்கிய பேனல் குறுகக் குறுக, பக்கத்தில் இருப்பவர் குரல் இன்னும் மங்கும். இரண்டு ரேடியோ ஒரே சரிவில், 60, 70 டிகிரி விலகி இருந்தால், முகடே இல்லாமலும் ஆண்டெனாவே அவற்றை ஒன்றுக்கொன்று மறைத்துவிடும். ஒரு கம்பத்திலிருந்து பல வீடுகளுக்கு டிஷ் மாட்டி இணைப்புக் கொடுப்பவர்களின் வலையில் இதனால் மறைமுனையமே விதி. அங்கே முனையங்கள் இருபது முப்பது ஆகும்போது அனுமதிக் கோரிக்கைகளே நெரிசலாகிவிடும். அதற்கு, ஒவ்வொருவருக்கும் கம்பமே முறை பிரித்துக் கொடுக்கும் டிடிஎம்ஏ வகை ரேடியோதான் தீர்வு. சாதாரண வைஃபை கருவிகள் அந்த வலையில் சேர முடியாது என்பது அதன் குறை.

நம் தோட்டத்தில் முனையங்கள் பெருகினால் வேறு வழி இருக்கிறது. கம்பத்தில் எல்லாத் திசை ஆண்டெனாவை எடுத்துவிட்டு, கிழக்கு நோக்கி ஒன்று, மேற்கு நோக்கி ஒன்று என இரண்டு அக்சஸ் பாயிண்ட் வைத்து, ஒன்றை 1இலும் மற்றதை 11இலும் ஓட்டலாம். அப்போதுதான் சேனல் மாற்றம் உண்மையில் வேலை செய்யும். முட்டிக்கொண்ட இருவரும் இப்போது வெவ்வேறு வீட்டார். ஒரே சரிவுக்குள் உள்ளவர்கள் ஒருவரையொருவர் கேட்கிறார்களா என்பதை மறுபடி சோதிக்க வேண்டும்.

கடைசியாக ஒரு நடைமுறைத் தடை. வைஃபை உள்ளே வைத்தே வரும் மலிவு விலைக் கேமராக்கள் பலவற்றில் ஆர்டிஎஸ் அளவை மாற்றும் இடமே இருக்காது. அப்படிப்பட்ட கேமராவைக் கம்பத்தோடு நேரடியாகச் சேர்க்காமல், கேபிள் போர்ட் உள்ள கேமராவாக வாங்கி, களத்திலேயே ஒரு சிறிய வெளிப்புற ரேடியோவோடு கேபிளில் இணைத்து, அந்த ரேடியோவில் 500 என்று வைத்துவிடலாம். ஸ்டோரிலும் அப்படியே.